கருத்தரங்குக்கு முந்தின நாள், மாலை நான்கு மணி

"இன்னைக்கு ராத்திரி இந்த ஹால்ல என்னங்க ஃபங்ஷன்?"

கருத்தரங்குக்கு முந்தின நாள் ஹோட்டலுக்குப் போனதும் பேங்க்வெட் மேனேஜரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நாற்காலி, மைக், சாப்பாடு எல்லாம் இதற்குப் பிறகுதான். கோயம்புத்தூரில் சிறுதொழில் நடத்துகிறவர்களுக்காக ஒருநாள் கருத்தரங்கு ஒன்றை ஏற்பாடு செய்திருந்தோம். புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஹோட்டலுக்குப் போய் இதைக் கேட்டபோது மேனேஜர் சொன்னார்: "ஒரு கம்பெனி டீலர் மீட்டுங்க சார். டின்னர் முடிய பதினொன்னு ஆயிடும்."

இந்த ஒரு பதிலிலிருந்து பல விஷயங்கள் தெரிந்துவிடுகின்றன. டின்னர் பதினொன்றுக்கு முடிந்தால், பாத்திரம், பூ அலங்காரம், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒதுக்கி ஹாலைப் பெருக்கி முடிக்க இரவு ஒரு மணி. அதன்பிறகுதான் எங்கள் மேசைகள் வரும். அவற்றைப் போடப்போகிறவர்கள் இரவு ஷிஃப்ட் பையன்கள். இந்த மேனேஜர் ஏழு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார். விடியற்காலை சமையல்கட்டில் நிற்பவர் வேறு ஒருவர், காலையில் டீ ஊற்றும் கேப்டன் இன்னொருவர். எங்கள் கருத்தரங்கை நடத்தித் தரப்போகும் இவர்களில் ஒருவர்கூட இப்போது நாங்கள் பேசுவதைக் கேட்கவில்லை. அவர்கள் கையில் இருக்கப்போவது ஒரு தாள் மட்டும்தான்.

அந்தத் தாளுக்கு ஹோட்டல்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ஃபங்ஷன் ப்ராஸ்பெக்டஸ். பேச்சில் 'எஃப்.பி.' என்பார்கள், சில ஹோட்டல்களில் 'பி.இ.ஓ.' என்பார்கள். எந்த ஹால், எப்படி மேசை போடுவது, எத்தனை பேருக்குச் சாப்பாடு, என்ன மெனு, எத்தனை மணிக்கு டீ, என்னென்ன மைக், பில் யார் பெயரில் என்பதெல்லாம் அதில் இருக்கும். சமையல்கட்டு, சர்வீஸ், ஹவுஸ்கீப்பிங், எலெக்ட்ரீஷியன், கணக்குப் பிரிவு என்று எல்லோருக்கும் அதன் நகல் போகும். நாம் அட்வான்ஸ் கட்டிய அன்றே, பெரும்பாலும் சில வாரங்களுக்கு முன்பே, அது தயாராகிவிடும். நடுவில் நாம் போனில் சொன்ன மாற்றங்கள் அதில் ஏறியிருக்கலாம், ஏறாமலும் இருக்கலாம்.

ஏறாமல் போனால் என்ன ஆகும் என்பதை நான் ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டேன். ஐவர் ஐவராகப் பேசிச் செய்யவேண்டிய பயிற்சி ஒன்றுக்கு வட்ட மேசைகள் வேண்டும் என்று முந்தின நாள் போனில் சொன்னேன். "ஓகே சார், பண்ணிடறோம்" என்றார்கள். காலையில் போய்ப் பார்த்தால் சினிமா தியேட்டர் போல வரிசை வரிசையாக நாற்காலிகள். இரவுப் பணியாளர்கள் மீது எந்தத் தவறும் இல்லை. அவர்களிடம் இருந்த பழைய தாளில் 'தியேட்டர்' என்றுதான் எழுதியிருந்தது. வந்தவர்கள் மடியில் காகிதத்தை வைத்து எழுதினார்கள். பின்னால் இருந்தவர்களோடு பேச நாற்காலியைத் திருப்பிப் போட்டார்கள். ஒரு மணி நேரப் பயிற்சியில் பாதி நேரம் இதிலேயே போயிற்று. அன்றிலிருந்து முந்தின நாள் உறுதிப்படுத்துவதை நான் போனில் செய்வதே இல்லை. நேரில் போய், தாளை எடுத்து வரச் சொல்லி, அதன் மேலேயே பேனாவால் திருத்தி, இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கிளம்புவேன்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். ஹால் 70 அடி நீளம், 40 அடி அகலம். '300 பேர் அமரலாம்' என்று ஹோட்டலின் விளம்பரத் தாள் சொல்கிறது. எங்களிடம் பதிவு செய்தவர்கள் 120 பேர். தாராளமாகப் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த 300 என்பது மேசை எதுவும் இல்லாமல், நாற்காலியை மட்டும் நெருக்கிப் போட்டால் வரும் கணக்கு. அப்படி உட்கார ஒருவருக்கு எட்டிலிருந்து பத்துச் சதுர அடி போதும். மேசை வந்துவிட்டால் இடம் ஏறத்தாழ இரண்டு மடங்கு பிடிக்கும்.

எங்களுக்கு வேண்டியது 'கிளஸ்டர்'. ஐந்தடி வட்ட மேசையைச் சுற்றி எட்டுப் பேர் உட்காரலாம் என்றாலும், மேடைப் பக்கத்தைக் காலியாக விட்டு ஆறு நாற்காலி மட்டும் போடுவது. அப்போதுதான் யாரும் மேடைக்கு முதுகு காட்டி உட்கார வேண்டியிருக்காது. மேசை ஐந்தடி என்றாலும் நாற்காலி, அதைப் பின்னுக்கு இழுக்கும் இடம், டீ டம்ளரோடு ஒருவர் நடந்துபோகும் வழி எல்லாம் சேர்த்தால் ஒரு மேசைக்குப் பத்தடிக்குப் பத்தடி வேண்டும். ஹாலின் அகலம் 40 அடி, ஆக ஒரு வரிசைக்கு நான்கு மேசை. நீளத்தில் மேடைக்கு எட்டடி, அதற்கு முன்னால் காலி இடம் ஆறடி. மீதி 56 அடியில் ஐந்து வரிசை. மொத்தம் 20 மேசை, 120 நாற்காலி. பின்னால் எஞ்சுவது ஆறடி மட்டும்.

300 பேருக்கான ஹால் 120 பேரோடு நிறைந்துவிட்டது. சாப்பாட்டு மேசையை ஹாலுக்குள் போட இனி வழியே இல்லை. முதலில் பேசியபோது, "லஞ்ச் பஃபே பின்னாடியே போட்டுக்கலாம் சார்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அப்போது அவர் மனதில் இருந்தது தியேட்டர் அமைப்பு. ஹாலின் நடுவே நின்று இந்தக் கணக்கைச் சொன்னதும் அவரே, "அப்போ லஞ்சை மேல இருக்கிற டைனிங் ஹாலுக்கு மாத்திடலாங்க" என்றார். காகிதத்தில் இது ஒரு வரி மாற்றம்தான். ஆனால் இது தெரியாமல் காலையில் எழுந்து வந்திருந்தால், கடைசி இரண்டு வரிசைகளைத் தூக்கிவிட்டுத்தான் சாப்பாட்டு மேசை போட்டிருப்பார்கள்.

கடைசி வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்து பார்ப்பதையும் நான் விடுவதில்லை. திரையின் உயரத்தைப் போல ஆறு மடங்கு தூரம் வரைதான் அதில் இருக்கும் எழுத்தைச் சிரமமில்லாமல் படிக்கமுடியும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களின் கணக்கு. ஹோட்டல் தருவது எட்டடிக்கு ஆறடித் திரை. அப்படியானால் 36 அடி. எங்கள் கடைசி மேசையோ மேடையிலிருந்து 50 அடிக்கும் அப்பால் இருக்கிறது. நான்காம் வரிசைக்கு இருபுறமும் ஸ்டாண்டில் ஒவ்வொரு டிவி வைப்பது என்று முடிவாயிற்று. அதற்கான கேபிளையும் வாடகையையும் தாளில் எழுதினோம். திரைக்கு நேர் மேலே இருக்கும் விளக்கைத் தனியாக அணைக்க ஸ்விட்ச் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வரச்சொல்லிக் கேட்டேன். இருந்தது. அதன்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டுப் போனார்.

இன்னொரு சின்ன வேலை, ஆனால் இதைவிடப் பலன் தருவது எதையும் நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு மேசையை, நாளைக்கு எப்படி இருக்கவேண்டுமோ அப்படியே, இப்போதே போட்டுக் காட்டச் சொல்வேன். ஹால் டீலர் மீட்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்ததால் வெளி வராந்தாவில் போட்டார்கள். ஆறு நாற்காலி, மேடைப் பக்கம் காலி, நடுவில் தண்ணீர் பாட்டில்கள், ஆளுக்கொரு நோட்டு, பேனா. அதைப் போட்டோ எடுத்து மேனேஜருக்கும் இரவு கேப்டனுக்கும் வாட்ஸப்பில் அனுப்பினேன். இரவு இரண்டு மணிக்கு வேலை செய்கிறவருக்கு 'கிளஸ்டர், 6 பேர்' என்ற வரியைவிட அந்தப் படம் தெளிவாகப் பேசும்.

அடுத்தது சாப்பாட்டு எண்ணிக்கை. இங்கே பலரும் ஒரே எண்ணை வைத்துக்கொண்டு தடுமாறுகிறார்கள். உண்மையில் எத்தனை நாற்காலி, எத்தனை பேருக்குச் சமையல், எத்தனை பிளேட்டுக்குப் பணம் என்று மூன்று எண்கள் உண்டு. மூன்றும் ஒன்றாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை.

பணம் கட்டும் எண்ணை 'மினிமம் கேரண்டி' என்கிறார்கள், சுருக்கமாக எம்.ஜி. வந்தவர்கள் அதைவிடக் குறைந்தாலும் அந்த எண்ணுக்குப் பணம் கொடுக்கவேண்டும். கூடினால் கூடிய எண்ணுக்குக் கொடுக்கவேண்டும். முந்தின நாள் எம்.ஜி.யை ஏற்றச் சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். குறைக்கச் சொன்னால் தயங்குவார்கள், ஏனென்றால் காய்கறியும் பாலும் அதற்குள் வாங்கியாகியிருக்கும். ஆகவே அட்வான்ஸ் கட்டும்போதே எம்.ஜி.யைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு கடைசியில் ஏற்றுவதுதான் சரியான வழி. நாங்கள் 90 என்று வைத்திருந்தோம்.

அதை எவ்வளவு ஏற்றுவது? பதிவு செய்த 120 பேரில் கட்டணம் கட்டியவர்கள் 84. பணம் கட்டியவர் வராமல் போவது குறைவு, 80 பேர் வருவார்கள் என்று வைத்தோம். "வந்து கட்டிக்கிறேங்க" என்று சொன்ன 36 பேரில் பாதிப்பேர் வந்தால் அதிகம் என்பது எங்கள் அனுபவம். அது 18. ஆக 98. இதோடு பலரும் நிறுத்திவிடுவார்கள். பேச்சாளர்கள் நான்கு பேர், சிறப்பு விருந்தினரும் உடன் வருகிறவரும், எங்கள் ஆட்கள் ஆறு பேர், போட்டோவும் வீடியோவும் எடுக்கிறவர்கள் இருவர் என்று எந்தப் பதிவுப் பட்டியலிலும் இல்லாத 14 பேர் இருக்கிறார்கள். அவர்களும் சாப்பிடவேண்டும். மொத்தம் 112. இது போக விருந்தினர்களின் டிரைவர்கள். அவர்களுக்குத் தனியாக, குறைந்த விலையில் 'டிரைவர் மீல்ஸ்' பல ஹோட்டல்களில் கிடைக்கும், ஆனால் நாம் கேட்டால்தான் தாளில் ஏறும். கேட்காமல் விட்டால் காலையிலிருந்து காத்திருக்கும் மனிதர் பசியோடு காருக்குள் உட்கார்ந்திருப்பார். இதை மறப்பது எண்ணிக்கைப் பிழை மட்டும் அல்ல.

112 பேர் என்று கணக்கு வந்தாலும் எம்.ஜி.யை 105 என்று எழுதினோம். எம்.ஜி.க்கு மேல் எத்தனை பேருக்குச் சமைத்து வைப்பீர்கள் என்று கேட்டேன். "பத்து பர்சென்ட் வரைக்கும் ரெடியா இருக்குங்க சார்" என்றார் மேனேஜர். அப்படியானால் 115 பேர் வரை சாப்பாடு பற்றாமல் போகாது, வருகிறவர்கள் குறைந்தாலும் எங்களுக்கு நஷ்டம் அதிகம் இல்லை. அந்தப் பத்து சதவீதத்தையும் தாளில் எழுதச் சொன்னேன். வாய்ப்பேச்சாக இருந்தால் சமையல்கட்டுக்குப் போய்ச் சேராது. மேசையையும் 20-லிருந்து 18 ஆகக் குறைத்தோம். 108 நாற்காலி போதும், பின்வரிசையில் காலியான இடத்தில் சவுண்ட் ஆப்பரேட்டர் உட்காரலாம். மீதி இரண்டு மேசையையும் பன்னிரண்டு நாற்காலியையும் ஹாலுக்கு வெளியே கைக்கெட்டும் இடத்தில் வைக்கச் சொன்னோம்.

சைவம், அசைவம் பிரிப்பில்தான் புரட்டாசி குறுக்கே வந்தது. தாளில் 'வெஜ் 40, நான்வெஜ் 50' என்று இருந்தது. வேறு மாதமாக இருந்தால் அது நியாயமான பிரிப்பு. புரட்டாசி முழுக்க அசைவத்தை விட்டுவிடும் குடும்பங்கள் கொங்கு நாட்டில் ஏராளம். மற்ற நாளில் சாப்பிடுகிறவர்களும் புரட்டாசிச் சனிக்கிழமையில் தொடமாட்டார்கள். பெருமாளுக்கு உகந்த நாள். அந்த மாதத்தில் கல்யாணங்கள் குறைவு என்பதால்தான் இந்த ஹாலே எங்களுக்குச் சகாய வாடகைக்குக் கிடைத்தது. ஹால் கிடைத்த காரணத்தை மறந்துவிட்டு மெனுவை எழுதியிருந்தோம். அசைவத்தை எடுத்துவிட்டு முழுக்கச் சைவமாக்கினோம். அதற்கு ஈடாகக் கூடுதலாக ஒரு கூட்டும் ஓர் இனிப்பும் தருவதாக மேனேஜர் சொன்னார். வெங்காயம், பூண்டு சேர்க்காத சாப்பாடு ஐந்து பேருக்குத் தனியாக வேண்டும் என்று சொல்லி அதையும் எழுதினோம்.

பிளேட் எண்ணும் முறையையும் அன்றே பேசிவிடவேண்டும். பஃபே தொடங்கும் முன் அடுக்கியிருக்கும் பிளேட்டுகளை எண்ணி, முடிந்ததும் மிச்சத்தை எண்ணி, வித்தியாசத்தைப் பில்லில் போடுவார்கள். இனிப்புக்கென்று ஒருவர் இரண்டாவது பெரிய பிளேட் எடுத்தால் அவர் இரண்டு பேராகிவிடுவார். இனிப்புக்குச் சின்னத் தட்டு தனியாக வைத்துவிட்டால் அந்தச் சிக்கல் வராது. முதல் எண்ணிக்கையின்போது எங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்பார் என்பதையும் சொல்லிவிட்டேன். எந்த நல்ல மேனேஜரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பிற்பகல் ஐந்து மணிக்கு பில்லை வைத்துக்கொண்டு வாதாடுவதைவிட இது இருவருக்கும் மரியாதை.

கடைசியாக நேரம். எங்கள் அழைப்பிதழில் காலை 9:30 குத்துவிளக்கு ஏற்றுதல், 10 மணிக்கு முதல் அமர்வு, 11 மணிக்கு டீ என்று இருந்தது. சனிக்கிழமை ராகுகாலம் 9 மணியிலிருந்து 10:30 வரை. இதை எங்கள் சங்கத்தின் மூத்தவர் ஒருவர் வெள்ளிக்கிழமை மதியம்தான் கவனித்தார். "விளக்கை மட்டும் பத்தரைக்கு மேல வெச்சுக்கலாம் தம்பி" என்றார். விருந்தினரும் அதையே விரும்பினார். ஆக முதல் அமர்வை 9:30-க்கே தொடங்கி, 10:40-க்கு விளக்கேற்றி, விருந்தினர் பேசி முடித்ததும் 11:15-க்கு டீ. பதினைந்து நிமிடம் தள்ளிப்போகிறது, அவ்வளவுதானே என்று நினைக்கலாம். ஆனால் டீயோடு வடை இருந்தது. 11 மணிக்கு என்று தாளில் இருந்தால் 10:45-க்கே பொரித்துக் கொண்டுவந்து மூடி வைத்துவிடுவார்கள், 11:15-க்குத் திறக்கும்போது அது நமத்துப்போயிருக்கும். சமையல்கட்டு தன் வேலையை நம் மணியை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிடுகிறது. ஆகவே எந்த மாற்றமானாலும் அது அங்கே போய்ச் சேரவேண்டும்.

விளக்கு மேடையில் எங்கே நிற்கும் என்பதையும் பார்த்தோம். ஏசி காற்று நேராக விழும் இடத்தில் வைத்தால் திரி நிற்காது, விருந்தினர் மூன்று முறை ஏற்றவேண்டி வரும். இரண்டடி தள்ளி இடம் குறித்தோம். எண்ணெய், திரி, தீப்பெட்டி நாங்கள் கொண்டுவருவது, விளக்கும் அடியில் வைக்கும் தட்டும் ஹோட்டல் தருவது என்று பிரித்து எழுதினோம்.

இடைவேளை நீளத்தை முடிவு செய்வது பேச்சாளர்கள் அல்ல, வரிசைதான். சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கமாக மட்டும் ஆட்கள் நகர்ந்தால் நிமிடத்துக்கு நான்கு பேர் தட்டை நிரப்பிக்கொண்டு வெளியே வருவார்கள். 112 பேருக்கு 28 நிமிடம். முக்கால் மணி நேர உணவு இடைவேளையில் கடைசி ஆள் சாப்பிட உட்காரும்போது பதினேழு நிமிடம்தான் மிஞ்சும். அதே மேசையைச் சுவரிலிருந்து நகர்த்தி இரண்டு பக்கமும் திறந்துவிட்டால் 14 நிமிடத்தில் எல்லோர் கையிலும் தட்டு இருக்கும். உணவையும் பணியாளர்களையும் கூட்டாமல், மேசையை நான்கடி நகர்த்தியதில் கிடைத்த நேரம் இது. டீக்கும் வராந்தாவின் இரண்டு முனைகளில் இரண்டு இடம், சர்க்கரை போடாத டீ தனி டிரம்மில், மேலே எழுதி ஒட்டி.

மேல் டைனிங் ஹாலில் நாளை வேறு யாராவது சாப்பிடுகிறார்களா என்று கேட்டேன். இன்னொரு நிறுவனத்தின் 60 பேர், ஒரு மணிக்கு என்றார். எங்கள் நேரம் 1:15 ஆகத் தள்ளிப்போயிருந்தது நல்லதாகப் போயிற்று. ஆனாலும் எங்கள் பஃபே வேறு மூலையில், வாசலில் எங்கள் பெயர்ப்பலகையோடு இருக்கவேண்டும் என்று எழுதினோம். இல்லாவிட்டால் இரண்டு கூட்டமும் கலந்து, பிளேட் கணக்கும் கலந்துவிடும்.

ஐந்தரை மணிக்குத் திருத்திய தாளைப் புதிதாக அச்சிட்டு வாங்கினேன். பழைய நகல்களை எல்லாப் பிரிவுகளிலிருந்தும் எடுத்துவிடச் சொன்னேன். இரண்டு தாள் சுற்றிக்கொண்டிருந்தால் கையில் எது கிடைக்கிறதோ அதன்படிதான் வேலை நடக்கும். ஏழு மணிக்கு ஏசி, ஏழரைக்கு மைக் சோதனை, எட்டுக்குப் பதிவு மேசை என்று கடைசி மூன்று வரிகளைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டோம்.

மறுநாள் காலை 18 மேசைகளும் போட்டோவில் இருந்தபடியே இருந்தன. பிளேட் கணக்கு 109. பில்லும் 109-க்கே வந்தது.

உங்கள் கருத்தரங்கு நாளைக்கு என்றால் இன்று மாலை நேரில் போங்கள். மேனேஜர் வீட்டுக்குப் போகும் முன்பே போங்கள். இரவு கேப்டனின் பெயரையும் போன் எண்ணையும் வாங்காமல் ஹோட்டலை விட்டு வெளியே வராதீர்கள்.